கனமான கண்ணாடியைப் பூச்சுச் சுவரில் மாட்டுவது எப்படி? கொக்கியின் எடை அளவு மட்டும் போதாது

கிள்ளானில் என் அக்கா குடியிருக்கும் வரிசை வீட்டில், சில மாதங்களுக்கு முன் விடியற்காலை இரண்டு மணிக்கு வரவேற்பறைக் கண்ணாடி கீழே விழுந்தது. ஆளுயரக் கண்ணாடி; மரச்சட்டம் போட்டது. பகலில் அந்த இடத்தில்தான் பேரப்பிள்ளைக்குப் பாய் விரிப்பார்கள். நல்லவேளையாக அப்போது அங்கு யாரும் இல்லை.

மறுநாள் சுவரைப் பார்த்தபோது, கொக்கிகள் இரண்டும் வளையாமல் அப்படியே இருந்தன. அவற்றின் பொட்டலத்தில் '40 கிலோ' என்று அச்சிடப்பட்டிருந்தது. கண்ணாடி 30 கிலோவைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் கொக்கியைப் பிடித்திருந்த ஆணிகள், கைப்பிடி அளவு சிமெண்டுப் பூச்சோடு பிய்ந்து வந்திருந்தன. கட்டுமான வேலையில் நெடுங்காலம் இருந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆணி பூச்சைத்தான் பிடிச்சிருக்கு. செங்கல்லைத் தொடவே இல்லை" என்றார்.

கனமான பொருளைச் சுவரில் மாட்டும் பலர் செய்யும் தவறு இதுதான். பொட்டலத்தில் உள்ள எடை அளவு கொக்கிக்கு மட்டுமே உரியது. கண்ணாடியிலிருந்து சுவர் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் எது மிகவும் பலவீனமோ, அதன் அளவுதான் உண்மையான அளவு. அக்கா வீட்டுக்குப் புதிய கண்ணாடி வாங்கி, 'கிளீட்' எனப்படும் இணைப்பட்டையைப் பயன்படுத்தி மாட்டினோம். அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே தருகிறோம்.

முதலில் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணாடியின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ இருக்கும். அக்கா வாங்கியது 90 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் உயரம், 5 மி.மீ. தடிமன். பரப்பளவு 1.35 சதுர மீட்டர். எனவே கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 17 கிலோ.

சட்டமும் பின்பலகையும் இதற்கு மேல். அவற்றைக் கணக்குப் போடுவதைவிட நிறுத்துப் பார்ப்பதே நல்லது. குளியலறைத் தராசைத் தரையில் வைத்து, கண்ணாடியை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் சாயாமல் விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டோம். தராசு 28 கிலோ காட்டியது. இனி எல்லாக் கணக்கும் இந்த 28-ஐ வைத்துத்தான்.

பொட்டலத்தில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

ஹார்ட்வேர் கடையில் கொக்கி, இணைப்பட்டை, பிளக் என எதை வாங்கினாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, அளவு கிலோவிலா, பவுண்டிலா? இறக்குமதிப் பொட்டலங்கள் பலவற்றில் பவுண்டுதான் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். 60 பவுண்டு என்பது 27 கிலோதான். 28 கிலோ கண்ணாடிக்கு அது போதாது.

இரண்டு, அந்த அளவு ஒன்றுக்கா, ஒரு ஜோடிக்கா? ஜோடிக்கு 40 கிலோ என்றால் ஒரு கொக்கிக்கு 20 கிலோதான். இரண்டு கொக்கிகளில் ஒன்று 2, 3 மி.மீ. கீழே இறங்கியிருந்தாலும், எடையின் பெரும்பகுதி மேலே இருக்கும் கொக்கிக்குப் போய்விடும். அப்போது 28 கிலோவை 20 கிலோ கொக்கி தாங்க வேண்டியிருக்கும்.

மூன்று, எந்த வகைச் சுவருக்கு அந்த அளவு? ஒரே பிளக் கான்கிரீட்டில் ஓர் எடையும், செங்கல்லில் அதைவிடக் குறைவாகவும், உள்ளே துளையுள்ள கல்லில் இன்னும் குறைவாகவும் தாங்கும். நல்ல பிளக் பொட்டலங்களில் இவை தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் கான்கிரீட்டுக்கான பெரிய எண் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நாங்கள் இரண்டு எளிய விதிகளை வைத்துக்கொண்டோம். இணைப்பட்டையின் அளவு, கண்ணாடி எடையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அதாவது 56 கிலோவுக்கு மேல். சுவரில் இறங்கும் ஒவ்வொரு திருகும் பிளக்கும், மற்றவை எல்லாம் தளர்ந்துவிட்டாலும் தனியாக 28 கிலோவைத் தாங்க வேண்டும். நான்கு திருகு போடும்போது இது மிகையாகத் தெரியலாம். ஆனால் நான்கில் ஒன்று செங்கல் இடுக்கில் இறங்கிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

கம்பி வேண்டாம், இணைப்பட்டை ஏன்?

பழைய கண்ணாடிகளின் பின்னால் குறுக்காக ஒரு கம்பி கட்டி, அதை நடுவில் ஓர் ஆணியில் மாட்டியிருப்பார்கள். சிறிய படத்துக்கு அது போதும். கனமான கண்ணாடிக்கு ஆபத்து. கம்பி எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ, அவ்வளவு அதிக இழுவிசை அதில் ஏறும். படுக்கைவாட்டத்திலிருந்து 15 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும் கம்பியில், 28 கிலோ கண்ணாடிக்கு ஒவ்வொரு பக்கமும் 54 கிலோ இழுவிசை இருக்கும். கம்பி அறாவிட்டாலும், சட்டத்தின் இரு பக்கங்களும் உள்நோக்கி இழுக்கப்பட்டு மூலை இணைப்புகள் நாளடைவில் திறந்துகொள்ளும்.

இணைப்பட்டை என்பது சரிவான விளிம்புள்ள இரண்டு பட்டைகள். ஒன்று சுவரில், அதன் சரிவு மேலே பார்த்திருக்கும். மற்றொன்று சட்டத்தின் பின்புறம், அதன் சரிவு கீழே பார்த்திருக்கும். கண்ணாடியைத் தூக்கி இறக்கினால் ஒன்று மற்றொன்றின் மேல் கவ்விக்கொள்ளும். எடை அதிகமாக அதிகமாக, சரிவு கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் இழுக்கும். எடை ஓரிரண்டு புள்ளிகளில் விழாமல் பட்டையின் நீளம் முழுவதும் பரவும். மரத்தில் 45 பாகை சாய்வாக அறுத்தும் இதைச் செய்யலாம். கடையில் அலுமினியப் பட்டையாகவும் கிடைக்கும். நாங்கள் 60 சென்டிமீட்டர் நீள அலுமினியப் பட்டை வாங்கினோம்.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

துளையிடும் முன் விரல் முட்டியாலோ ஒரு நாணயத்தாலோ சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருந்தால் கெட்டியான 'டக்' ஒலி வரும். பிரிந்திருந்தால் 'பொக்' என்ற வெற்று ஒலி வரும். குளியலறைக்குப் பின்புறச் சுவரிலும், மழைநீர் கசிந்த இடங்களிலும் இது அடிக்கடி நேரும். அப்படிப்பட்ட இடத்தில் மாட்ட வேண்டாம். பூச்சு பிரிந்திருந்தால் அது பட்டைக்குத் தாங்கலாக இராது. திருகு செங்கல்லிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி போலாகி, எடையால் வளையத் தொடங்கும். இடத்தை மாற்றுங்கள், அல்லது அந்தப் பூச்சைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசிக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

சுவர் முழுவதுமே அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒலித்தால், அது ஜிப்சம் பலகைத் தடுப்பாக இருக்கலாம். இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலும் கீழும் துளையிடக் கூடாது. மின்கம்பி பெரும்பாலும் அங்கேதான் பூச்சுக்குள் இறங்கியிருக்கும். மின்கம்பி காட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது அந்த இடத்தைச் சோதித்துவிடுங்கள்.

சிங்கப்பூர் வீவக வீடுகளில் 'பாம் ஷெல்ட்டர்' என்று சொல்லும் பாதுகாப்பு அறையின் சுவருக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றைப் பார்க்காமல் அந்தச் சுவரில் துளையிட வேண்டாம்.

எவ்வளவு நீளத் திருகு?

அக்கா வீட்டில் கண்ணாடி விழுந்ததற்கான விடை இங்கேதான் இருக்கிறது. அந்த ஆணியின் நீளம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அதில் 8 மி.மீ. கொக்கிக்கும் தலைக்கும் போய்விட்டது. மீதி 30 மி.மீ. சுவருக்குள். ஆனால் பூச்சின் தடிமனே 22 மி.மீ. செங்கல்லுக்குள் போனது வெறும் 8 மி.மீ. அதிலும் சுத்தியலால் அடித்தபோது ஆணியைச் சுற்றிய பூச்சு ஏற்கெனவே நொறுங்கியிருக்கும்.

எனவே பூச்சின் தடிமனை முதலில் அளக்க வேண்டும். பட்டை மறைக்கும் இடத்தில் ஒரு துளை போடத் தொடங்குங்கள். தூளின் நிறத்தையும் டிரில் இறங்கும் வேகத்தையும் கவனியுங்கள். முதலில் வெளிர் சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. செம்மண் நிறம் வந்தால் சுட்ட செங்கல்லை எட்டிவிட்டீர்கள். நம் நாட்டில் அதிகம் பயன்படும் சிமெண்டுக் கல்லாக இருந்தால் நிறம் பெரிதாக மாறாது, தூள் மணல் மணலாக வரும். டிரில் திடீரென இறங்க மறுத்து, நுண்ணிய சாம்பல் தூள் மட்டும் வந்தால் அது கான்கிரீட் தூண் அல்லது உத்தரம். வெள்ளை மாவு போல் எளிதாக வந்தால் அது எடை குறைந்த கட்டி. அதற்கென்றே விற்கும் பிளக் வேண்டும். சாதாரண பிளக் அதில் பிடிக்காது. கொஞ்சம் இறங்கியதும் டிரில் வெற்றிடத்தில் பாய்ந்தால் உள்ளே துளையுள்ள கல் என்று பொருள். அதற்கும் பிளக் வேறு.

எங்களுக்கு 22 மி.மீ. ஆழத்தில் செந்தூள் வந்தது. சுட்ட செங்கல்.

பிளக் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் கணக்கு தானாக வரும். திருகு உள்ளே போகும்போது பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் செங்கல்லில் விழ வேண்டும். பூச்சில் விழுந்தால் பூச்சு வெடிக்கும், பிடிப்பும் இருக்காது. ஆகவே பிளக்கைச் சுவரின் மேற்பரப்போடு சமமாக நிறுத்தாமல், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுவதுமாகத் தள்ளினோம்.

நாங்கள் எடுத்தது 8 மி.மீ. கனமும் 40 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பிளக். இணைப்பட்டையின் தடிமன் 4 மி.மீ., பூச்சு 22, பிளக் 40, அதன் முனையைத் தாண்ட இன்னும் 8. மொத்தம் 74 மி.மீ. எனவே 10-ஆம் எண் திருகு, 3 அங்குல நீளம். அதாவது ஏறக்குறைய 5 மி.மீ. கனமும் 76 மி.மீ. நீளமும் கொண்டது. திருகு பிளக்கின் முனையைத் தாண்டி வந்தால்தான் பிளக் முழுவதுமாக விரியும். துளையின் ஆழம் 78 மி.மீ.; டிரில் முனையில் அந்த அளவில் ஒரு டேப்பைச் சுற்றிக்கொண்டால் தவறாது.

கண்ணாடியின் பின்புறம்

இணைப்பட்டையின் ஒரு பாதியைச் சட்டத்தின் மேல்மரத்தில் பொருத்துங்கள். பின்னால் இருக்கும் மெல்லிய பலகையில் பொருத்தக் கூடாது. அது தூசி மறைக்கும் பலகைதான், எடை தாங்காது. சட்டத்தின் தடிமன் 25 மி.மீ. என்பதால் 20 மி.மீ. திருகுகள் போட்டோம். நீளமான திருகு முன்பக்கம் வந்துவிடும், அல்லது கண்ணாடியின் விளிம்பில் இடித்து அதை விரிசல் விடச் செய்யும். முதலில் 2 மி.மீ. துளை போட்டுவிட்டுத் திருகினால் மரம் பிளக்காது. மொத்தம் ஆறு திருகுகள்.

சட்டமே இல்லாத வெறும் கண்ணாடிக்கு இந்த முறை பொருந்தாது. திருகு பிடிக்க அதில் மரம் இல்லை.

சட்டத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூலைகளிலும், இணைப்பட்டையின் மொத்தத் தடிமனுக்குச் சமமான சிறு மரத்துண்டுகளை ஒட்டுங்கள். இவை இல்லாவிட்டால் கண்ணாடியின் அடிப்பகுதி சுவரை நோக்கிச் சாயும். மேலே பட்டைகள் ஒன்றோடொன்று நேராகக் கவ்வாது.

துளையிடுதல்

இரண்டு பட்டைகளையும் சட்டத்தின் மேல் ஒன்றாகக் கோத்து, சட்டத்தின் உச்சியிலிருந்து சுவர்ப் பட்டையின் திருகு ஓட்டை வரை அளந்தோம். 65 மி.மீ. இருந்தது. கண்ணாடியின் உச்சி தரையிலிருந்து 1,750 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். ஆகவே ஓட்டைகளின் கோடு 1,685 மி.மீ. உயரத்தில். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, பட்டையின் இரு முனைகளிலிருந்தும் 30 மி.மீ. தள்ளி இரண்டும், இடையில் 180 மி.மீ. இடைவெளியில் இரண்டுமாக நான்கு இடங்களைக் குறித்தோம். கண்ணாடியைத் தூக்கி மாட்ட, அதன் உச்சிக்கு மேல் 2 சென்டிமீட்டராவது காலியிடம் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

8 மி.மீ. சுவர் டிரில் முனையை, பூச்சைத் தாண்டும்வரை சாதாரணச் சுழற்சியில் ஓட்டுங்கள். ஆரம்பத்திலேயே ஹேமர் போட்டால் துளையின் வாய் உடைந்து அகலமாகிவிடும். செங்கல்லை எட்டிய பிறகு ஹேமரைப் போடலாம். துளைக்குள் இருக்கும் தூளை வேக்குவம் கொண்டு முழுவதும் உறிஞ்சி எடுங்கள். தூள் மேல் நிற்கும் பிளக் வழுக்கும்.

எங்கள் மூன்றாவது துளையில் டிரில் திடீரென எளிதாகப் போனது. தூளும் சாம்பல் நிறமாக மாறியது. இரண்டு செங்கற்களுக்கு இடையே உள்ள கலவையில் இறங்கிவிட்டது. அந்தத் துளையை விட்டுவிட்டு, பட்டையில் 40 மி.மீ. தள்ளி இன்னோர் ஓட்டை போட்டு, அங்கே துளையிட்டோம். செங்கல் கிடைத்தது.

பிளக்கைத் துளையில் வைத்து, ஒரு நீண்ட ஆணியின் தலையால் 22 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். திருகும்போது கைக்கு எதிர்ப்பு படிப்படியாக ஏற வேண்டும். திருகு சுற்றிக்கொண்டே இருந்து இறுகாவிட்டால், பிளக்கும் அதோடு சேர்ந்து சுழல்கிறது என்று பொருள். அதை அப்படியே விடாதீர்கள். எடுத்துவிட்டு 10 மி.மீ. துளையும் அதற்கேற்ற பிளக்கும் திருகும் போடுங்கள்.

கண்ணாடியை மாட்டும் முன் ஒரு சோதனை

பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிக் கொடுத்த வழி இது. முள் நகரும் பழைய குளியலறைத் தராசைச் சுவரோரம் வைத்து அதன் மேல் நில்லுங்கள். கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, சுவரில் உள்ள பட்டையைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். நீங்கள் இழுக்கும் அளவுக்குத் தராசில் உங்கள் எடை குறையும். நான் 72 கிலோ. முள் 30-க்கு இறங்கும்வரை இழுத்தேன். அதாவது பட்டையில் 42 கிலோ ஏறியது. கண்ணாடியின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு. நடுவில் ஒரு முறை, இரு முனைகளிலும் ஒவ்வொரு முறை, சற்று நேரம் பிடித்து நின்றேன். திருகுத் தலைகள் அசையவில்லை, பூச்சில் கீறல் விழவில்லை, பட்டைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி வரவில்லை. இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் கண்ணாடியை மாட்டக் கூடாது.

பிறகு இருவர் கையுறையும் காலணியும் அணிந்து, கண்ணாடியைக் கோட்டுக்கு மேல் தூக்கிச் சுவரோடு ஒட்டி மெதுவாக இறக்கினோம். கவ்வியதைப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். கை உணர்வை மட்டும் நம்ப வேண்டாம். பட்டை விளிம்பின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் மாட்டிவிட்டது போலவே தோன்றும்.

மாட்டிய பின் கவனிக்க வேண்டியவை

முதல் நாளில் சட்டத்தின் உச்சிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, சட்டத்தின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவைத்தோம். ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மீண்டும் அளந்தோம். இடைவெளி கூடினால் திருகுகள் வெளியே வருகின்றன என்று பொருள். கண்ணாடிக்குக் கீழே தரையில் வெள்ளைத் தூள் தென்பட்டாலும், பட்டை இருக்கும் உயரத்தில் சாயத்தில் மெல்லிய கோடு விழுந்தாலும் அதே எச்சரிக்கைதான். உடனே இறக்கிவிடுங்கள். அக்காவிடம் பிறகு கேட்டபோது, பழைய கண்ணாடி விழுவதற்கு முந்திய வாரத்தில் அந்த இடத்தில் இரண்டு மூன்று முறை தூளைப் பெருக்கியதாகச் சொன்னார். எறும்புப் புற்று என்று நினைத்தாராம்.

புதிய கண்ணாடி மாட்டி மூன்று மாதங்கள் ஆகின்றன. பென்சிலில் எழுதிய எண் மாறவில்லை. பேரப்பிள்ளையின் பாய் மட்டும் இப்போது எதிர்ச் சுவரோரம் விரிக்கப்படுகிறது. அதை மாற்ற வேண்டாம் என்று நாங்களும் சொல்லிவிட்டோம்.